நாலு ஜெனரேற்றர் டேட்டாஷீற், ஒரு ரேபிள்: ஆர் பாஸ், ஆர் பெயில்?

"அண்ணை, எங்கட கடற்றொழிலாளர் சங்கத்து குளிர் அறைக்கு ஜெனரேற்றர் எடுக்க நாலு கொட்டேசன் வந்திருக்கு, நாலு டேட்டாஷீற்றும் நாலு மாதிரி. நாங்கள் கேட்டது: 50 ஹெர்ட்ஸில பிரைம் 60 கேவிஏ, 40 பாகை வெக்கையிலயும் அந்த முழு பவர் வரோணும், 7 மீற்றரில சத்தம் 75 டெசிபெல்லுக்கு மேல போகக்கூடாது, 75 வீத லோட்டில தாங்கி 8 மணித்தியாலம் தாக்குப்பிடிக்கோணும். எல்லாத்தையும் ஒரு ரேபிளில போட்டு ஆர் சரி எண்டு காட்டச் சொல்லிட்டினம். 'ஆ' தான் விலை குறைவு, 65 கேவிஏ எண்டும் இருக்கு, தலைவர் அதையே எடுப்பம் எண்டுறார். ஷீற் நாலும் போட்டிருக்கிறன், எப்பிடி ரேபிள் போடுறது?"

தம்பி, முதல்ல முடிவைச் சொல்லிட்டு பிறகு எப்பிடி வந்தது எண்டு சொல்லுறன். நீங்கள் போட்ட ஷீற்றுகளை வச்சுப் பாத்தா 'ஆ' பெயில். மற்ற மூண்டும் பாஸும் இல்லை பெயிலும் இல்லை, ஒவ்வொண்டிலயும் ஒரு விசயம் ஷீற்றில காட்டேல்ல. அதாவது இண்டைக்கு கமிட்டிக்குப் போனா "இதை எடுக்கலாம்" எண்டு சொல்ல ஒண்டுமே இல்லை. இதை ரேபிள் மறைக்காமல் காட்டோணும், கனபேர் பிழை விடுறது இதிலதான், சரி, பிழை எண்டு ரெண்டே ரெண்டு பதில் வச்சுக்கொண்டு நிரப்பத் தொடங்கினா தெரியாத இடத்தையெல்லாம் மனசுக்குப் பிடிச்ச ஆளுக்கு சரி எண்டும் பிடிக்காத ஆளுக்கு பிழை எண்டும் கை தன்ர பாட்டில போட்டிடும். உங்கட ரேபிளில மூண்டு பதில் இருக்கோணும்: சரி, இல்லை, காட்டேல்ல.

ரேபிளின்ர வரிசை உங்கட தேவையில இருந்து வரோணும், டேட்டாஷீற்றில இருந்து இல்லை. ஷீற்றில நாப்பது ஐம்பது வரி கிடக்கும், சிலிண்டர் எத்தினை, போர் எவ்வளவு, பெயின்ற் என்ன கலர் எண்டு. நீங்கள் கேட்டது நாலு விசயம், அப்ப நாலு வரி. கேக்காததை வரியாப் போட்டா பிறகு "இவன் பெரிய கொன்ட்ரோலர் தாறான் எல்லோ" எண்டு ஒருத்தர் தொடங்குவார், அது கதையை வேற பக்கம் கொண்டுபோயிடும். ஒவ்வொரு கொட்டேசனுக்கும் நாலு பத்தி விடுங்கோ: ஷீற்றில அச்சடிச்சிருந்தது அப்பிடியே ஒரு சொல்லும் மாத்தாமல், எந்தப் பக்கம், உங்கட அலகுக்கு மாத்தின எண், கடைசியா முடிவு. அச்சடிச்சிருந்ததை அப்பிடியே எழுதச் சொல்லுறது ஏனெண்டா, நீங்கள் மாத்தின எண்ணில ஆரும் சந்தேகப்பட்டா உடன அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம். கமிட்டியில வாக்குவாதம் வந்தா அந்தப் பக்க நம்பர்தான் உங்களைக் காப்பாத்தும்.

இன்னொண்டு, கொட்டேசனோட ஒரு படிவம் வந்திருக்கும், நீங்கள் கேட்டதை ஒரு பக்கத்தில எழுதி மற்றப்பக்கத்தில எல்லாத்துக்கும் "ஆம், பொருந்தும்" எண்டு நிரப்பி சீல் குத்தினது. அதில இருந்து ரேபிளை நிரப்பாதேங்கோ. அதை நிரப்பினது விக்கிற பெடியன், உங்கட எண்ணையே உங்களுக்குத் திருப்பி எழுதியிருப்பான். 'ஆ'வின்ர படிவத்திலயும் பிரைம் 60 ஆம் எண்டுதான் கிடக்கு, ஆனா தயாரிச்ச கொம்பனியின்ர ஷீற்றில வேற எண். ரெண்டும் அடிபட்டா தயாரிச்சவன்ர ஷீற்றைத்தான் எடுக்கோணும், அடிபட்டதையும் குறிப்பில எழுதோணும்.

எண்ணுகளை எடுக்க முந்தி ஒருக்கா கொட்டேசனில இருக்கிற மொடல் பேரையும் ஷீற்றின்ர தலைப்பில இருக்கிற மொடல் பேரையும் எழுத்துக்கு எழுத்து பாருங்கோ. கடைசியில ஒரு எழுத்து மாறியிருந்தா பெட்டி இல்லாத மொடலாவோ வேற அல்டர்னேற்றர் போட்ட மொடலாவோ இருக்கும், அப்ப சத்தம் எண்ட வரியே அர்த்தமில்லாமல் போயிடும். உங்கட நாலிலயும் பாத்தன், பேர் பொருந்துது.

இனி 'ஆ'வுக்கு வருவம், தலைவருக்கு விளக்க வேண்டியது இதுதான். மொடல் பேரிலயே 65 இருக்கு, முன்பக்கத்திலயும் பெரிசா 65 கேவிஏ. ரெண்டாம் பக்கத்து அட்டவணையில பாத்தா 65க்கு மேல ESP எண்டு போட்டிருக்கு, பக்கத்தில PRP எண்டு போட்ட பத்தியில 59. ESP எண்டா ஸ்டான்ட்பை, PRP எண்டா பிரைம். ஐஎஸ்ஓ 8528 எண்ட தரத்தில ரெண்டுக்கும் வரைவிலக்கணம் இருக்கு: ஸ்டான்ட்பை எண்டது மெயின் கரண்ட் நிண்டா மட்டும் ஓடுறதுக்கு, வருசத்துக்கு 200 மணித்தியாலம் வரைக்கும், மேலதிக லோட் ஒண்டும் குடுக்க ஏலாது. பிரைம் எண்டா மணித்தியாலத்துக்கு எல்லை இல்லை, லோட் கூடிக்குறைஞ்சு 24 மணித்தியால சராசரி 70 வீதத்துக்குள்ள நிண்டா சரி. மெசின் ஒரே மெசின்தான், எவ்வளவு நேரம் எவ்வளவு வேலை வாங்கப்போறியள் எண்டதைப் பொறுத்து எண் மாறுது, ஸ்டான்ட்பை எண் எப்பவும் பிரைமை விட கொஞ்சம் கூட, வழக்கமா பத்து வீதம் அளவில. அதாலதான் விளம்பரத்தில அதைப் பெரிசாப் போடுவினம்.

உங்களுக்கு ஏன் பிரைம் வேணும் எண்டு தலைவர் கேட்டா 2022 பங்குனியை ஞாபகப்படுத்துங்கோ. அந்த மாசக் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினவை. அந்தக் கணக்கில 200 மணித்தியாலம் பதினைஞ்சு நாளில முடிஞ்சிடும். மீன் கிடக்கிற அறைக்கு ஸ்டான்ட்பை எண்ணை நம்பி எடுக்கிறது அதால சரிவராது, பிரைம் எண்டு கேட்டு எழுதின ஆள் யோசிச்சுத்தான் எழுதியிருக்கிறார்.

59க்கும் 60க்கும் ஒரு கேவிஏதானே எண்டு கட்டாயம் கேப்பினம். ரெண்டு வீதமும் இல்லை, உண்மை, அந்த மெசின் உங்கட கொம்பிரசரை இழுக்காது எண்டு நான் சொல்ல வரேல்ல. ஆனா நீங்கள் எழுதினது "குறைந்தது 60", இத்தினை வீதம் குறையலாம் எண்டு எங்கயும் எழுதேல்ல. இப்ப 59ஐ சரி எண்டு போட்டா, 60 எண்டு வாசிச்சுப்போட்டு பெரிய மொடலைக் கூடின விலைக்குப் போட்ட மற்ற மூண்டு பேருக்கும் அநியாயம். 59 காணும் எண்டு சங்கம் உண்மையா நினைச்சா இந்தக் கேள்வியை ரத்துப்பண்ணிட்டு 55 எண்டு எழுதி எல்லாரிட்டயும் திருப்பிக் கேக்கலாம். ரேபிளில மட்டும் 'இல்லை' எண்டுதான் வரும்.

'இ'யில வேற மாதிரி ஒரு குழி. முன்பக்கத்தில 72 கேவிஏ. இது 60 ஹெர்ட்ஸ் எண், எஞ்சின் நிமிசத்துக்கு 1800 சுத்து சுத்தேக்க வாறது. எங்கட நாட்டில 50 ஹெர்ட்ஸ், 1500 சுத்து, அந்தப் பத்தியில பிரைம் சரியா 60, மயிரிழையில பாஸ். ஒரே ஷீற்றில ரெண்டு பத்தி இருந்தா மற்ற எண்ணுகளும் எந்தப் பத்தியில இருந்து எடுத்தது எண்டு பாக்கோணும், பவரை 50இல இருந்தும் டீசலை 60இல இருந்தும் எடுத்தா நீங்கள் எழுதுறது உலகத்தில இல்லாத ஒரு மெசின்.

அதே 'இ'யில சத்தம் 88 டெசிபெல் எண்டு கிடக்கு, பக்கத்தில சின்னனா 1 மீற்றர் எண்டு. நீங்கள் கேட்டது 7 மீற்றரில 75. இதைப் பாத்தவுடன 88, 75ஐ விட கூட, பெயில் எண்டு போடுறதும் பிழை, கணக்குப் பாத்து பாஸ் எண்டு போடுறதும் பிழை. திறந்த வெளியில ஒரு புள்ளியில இருந்து வாற சத்தம் தூரம் இரட்டிக்கேக்க 6 டெசிபெல் குறையும், அப்பிடிப் பாத்தா ஒண்டில இருந்து ஏழு மீற்றருக்கு 17 குறையோணும், 88 போய் 71 ஆகும், பாஸ். ஆனா ஜெனரேற்றர் ஒரு புள்ளி இல்லை, ரெண்டு மீற்றருக்கு மேல நீளமான பெட்டி, ஒரு மீற்றரில நிண்டா பெட்டியின்ர ஒரு பக்கம் முழுக்க உங்களுக்குப் பக்கத்திலதான். அதால உண்மையில குறையிறது 17ஐ விடக் குறைவு, ரெண்டு தூரமும் போட்டிருக்கிற ஷீற்றுகளைப் பாத்தீங்களெண்டா வித்தியாசம் பெரும்பாலும் பத்து சொச்சம்தான் இருக்கும். உங்களுக்கு வேண்டியது 13 குறையிறது. பத்துக்கும் பதினேழுக்கும் நடுவில 13 நிக்குது, கணக்கால தீர்க்க ஏலாது. 'காட்டேல்ல' எண்டு போட்டு 7 மீற்றர் எண்ணை எழுத்தில கேளுங்கோ. 80 எண்டு இருந்திருந்தா கேக்கத் தேவையில்லை, 5 குறைஞ்சா போதும், எந்தப் பெட்டியிலயும் அது குறையும்.

டீசல் கணக்கில 'இ' லீற்றர் எண்டு எழுதேல்ல, 75 வீத லோட்டில ஒரு கிலோவாற் மணித்தியாலத்துக்கு 210 கிராம் எண்டு எழுதியிருக்கு. இதை மாத்தலாம், ஆனா இது எஞ்சின் தண்டில வாற பவருக்கு, கரண்டா வெளியில வாறதுக்கு இல்லை எண்டதைக் கவனியுங்கோ. 60 கேவிஏ, பவர் பக்டர் 0.8 எண்டா 48 கிலோவாற், அதில 75 வீதம் 36. அல்டர்னேற்றரின்ர திறன் இந்த சைஸில 90 வீதம் அளவு, அப்ப எஞ்சின் குடுக்க வேண்டியது 40 கிலோவாற். 40ஐ 210ஆல பெருக்கினா மணித்தியாலத்துக்கு 8400 கிராம். டீசல் ஒரு லீற்றர் 840 கிராம் அளவு, அப்ப மணித்தியாலத்துக்கு 10 லீற்றர். தாங்கி 100 லீற்றர், 10 மணித்தியாலம், பாஸ்.

இந்த எண் நாங்கள் கணிச்சது எண்டு குறிப்பில எழுதோணும். அதோட நாங்கள் ஊகிச்ச எண்ணைக் கொஞ்சம் மோசமாக்கிப் பாருங்கோ: அல்டர்னேற்றர் 87 வீதம் எண்டு எடுத்தா 10.3 லீற்றர் வருது, அப்பவும் ஒன்பதரை மணித்தியாலத்துக்கு மேல. முடிவு அசையேல்ல, அப்ப 'சரி' போடலாம்.

'ஈ'யில அப்பிடிப் போட ஏலாது. அதில நூறு வீத லோட்டுக்கு மட்டும் 13.6 லீற்றர் எண்டு இருக்கு, 75 வீதம் இல்லை. நேரா முக்கால்வாசி எடுத்தா 10.2, தாங்கி 85 லீற்றர், 8.3 மணித்தியாலம், பாஸ் மாதிரித்தான் தெரியுது. ஆனா லோட் குறையிற அதே அளவுக்கு டீசல் குறையாது, எஞ்சின் தன்னைத்தானே சுத்துறதுக்கும் ஃபானுக்கும் போறது லோட் குறைஞ்சாலும் போய்க்கொண்டுதான் இருக்கும். 85ஐ எட்டால பிரிச்சா 10.6, அதுக்கு மேல போனா பெயில். 10.2க்கும் 10.6க்கும் இடையில கிடக்கிற இடைவெளி அந்த விசயத்துக்கே காணாமல் போகலாம். இதில தாங்கியின்ர அடியில குழாய் எட்டாமல் நிக்கிற டீசலை நான் கணக்கில எடுக்கவே இல்லை. அதால 'காட்டேல்ல'.

'அ' நல்லா இருக்கு, பிரைம் 60, 7 மீற்றரில 72, 75 வீதத்தில 10.4 லீற்றர், தாங்கி 120. ஆனா 40 பாகை எண்ட வரியில நிக்குது. ஷீற்றில பவர் எண்ணுக்கு அடியில ஐஎஸ்ஓ 3046 நிலைமையில எண்டு போட்டிருக்கு, அந்த நிலைமை எண்டா 25 பாகை. வேற பக்கத்தில 50 பாகை எண்டு ஒண்டு கிடக்கு, அதைப் பாத்திட்டு "40 என்ன, 50 பாகையிலயே ஓடும்" எண்டு சொல்லுவினம், ஆனா அது ரேடியேற்றர் எந்த வெக்கை வரைக்கும் எஞ்சினைக் கொதிக்காமல் வச்சிருக்கும் எண்ட எண். எஞ்சின் கொதிக்காமல் ஓடுறது வேற, 60 கேவிஏயும் முழுசாக் குடுக்கிறது வேற. சில எஞ்சின் 40 வரைக்கும் ஒண்டும் குறையாது, சிலது குறையும், அது எஞ்சின் கொம்பனியின்ர குறைப்பு அட்டவணையில இருக்கும், அதைக் கேட்டு எடுங்கோ. பிரைம் சரியா 60இல நிக்கிறதால ஒரு வீதம் குறைஞ்சாலும் பெயில்.

இவ்வளவும் போட்டா கமிட்டிக்குக் குடுக்கிற சுருக்க ரேபிள் இப்பிடி வரும், பக்க நம்பரோட இருக்கிற பெரிய ரேபிளை பின்னால இணையுங்கோ:

| கேட்டது | அ | ஆ | இ | ஈ |
|---|---|---|---|---|
| பிரைம் குறைந்தது 60 கேவிஏ, 50 ஹெர்ட்ஸ் | 60, சரி | 59, இல்லை | 60, சரி | 60, சரி |
| 40 பாகையில முழு பவர் | காட்டேல்ல (25 பாகை எண்) | சரி | சரி | சரி |
| 7 மீற்றரில கூடினது 75 டெசிபெல் | 72, சரி | 70, சரி | காட்டேல்ல (1 மீற்றரில 88) | 74, சரி |
| 75 வீத லோட்டில குறைந்தது 8 மணித்தியாலம் | 11.5, சரி | 10.8, சரி | 10, சரி (கணிச்சது) | காட்டேல்ல (100 வீதத்துக்கு மட்டும்) |

'ஆ' மூண்டு வரியில சரி, மற்ற ஆக்களும் மூண்டு வரியில சரி, அப்ப எல்லாரும் சமன்தானே எண்டு புள்ளி கூட்டப் பாப்பினம். கூட்டக்கூடாது. கட்டாயம் எண்டு கேட்ட வரியில ஒரு 'இல்லை' வந்தா அந்த ஆள் முடிஞ்சுது, மற்ற வரியில எவ்வளவு நல்லா இருந்தாலும்.

எக்செல்லில போடேக்க ஒரு ஆபத்து இருக்கு, அதைச் சொல்லாமல் விட ஏலாது. எண் போடுற கட்டத்துக்குள்ள "59 கேவிஏ" எண்டு அலகோட சேத்து எழுதினா எக்செல் அதை எண்ணா எடுக்காது, எழுத்தா எடுக்கும், எழுத்து எப்பவும் எண்ணை விடப் பெரிசு எண்டுதான் அது ஒப்பிடும். அப்ப 60க்குக் கூடவோ எண்டு கேட்டா 59 கேவிஏ பாஸ் எண்டு வரும்! மற்றப் பக்கம், வெறும் கட்டத்தை அது சைபரா எடுக்கும், சத்தம் போடாமல் விட்ட மெசின் 75க்குக் குறைவு எண்டு பாஸ் ஆகிடும். ரெண்டுமே விக்கிறவனுக்கு வாய்ப்பான பக்கம்தான் சாயுது. அதால அலகை அச்சடிச்சதை எழுதுற பத்தியில மட்டும் எழுதி, மாத்தின எண் பத்தியில எண்ணை மட்டும் போட்டு, போர்முலாவில முதல்ல எண்தானோ எண்டு பாக்க வையுங்கோ. C பத்தியில எல்லை, D பத்தியில "குறைந்தது" அல்லது "கூடினது", G பத்தியில 'அ'வின்ர மாத்தின எண் எண்டு வைச்சா இப்பிடி வரும், மற்ற ஆக்களுக்கு G இருக்கிற இடத்தில அவையின்ர மாத்தின எண் பத்தி வரோணும்:

```
=IF(NOT(ISNUMBER(G5)),"காட்டேல்ல",
 IF($D5="குறைந்தது",
 IF(G5>=$C5,"சரி","இல்லை"),
 IF(G5<=$C5,"சரி","இல்லை")))
```

'இ'யின்ர 88ஐ மாத்தின எண் பத்தியில போடாதேங்கோ, அது 1 மீற்றர் எண், போட்டா 'இல்லை' எண்டு வரும். அச்சடிச்சதுக்குள்ள 88ஐ எழுதி மாத்தின எண் கட்டத்தை வெறுமையா விடுங்கோ. 40 பாகை வரிக்கும் ஒரு எண் குடுக்கலாம், 40 பாகையில அந்த மெசின்ர பிரைமில எத்தினை வீதம் வரும் எண்டு, எல்லை 100.

இனி கடிதம். மூண்டு பேருக்கும் ஒரே நாளில, ஒரே திகதிக்குள்ள பதில் எண்டு அனுப்புங்கோ, ஒவ்வொருத்தரிட்டயும் அவரவர்ர ஓட்டையை மட்டும் கேளுங்கோ: 'அ'விட்ட 40 பாகையில பிரைம் எவ்வளவு, 'இ'யிட்ட 50 ஹெர்ட்ஸில 7 மீற்றரில எத்தினை டெசிபெல், 'ஈ'யிட்ட 75 வீத லோட்டில மணித்தியாலத்துக்கு எத்தினை லீற்றர், எடுக்கக்கூடிய தாங்கிக் கொள்ளளவு எவ்வளவு. தயாரிச்ச கொம்பனியின்ர தாளில வேணும் எண்டு எழுதுங்கோ, விக்கிறவர்ர ஈமெயில் வசனம் காணாது. ஏற்கனவே தாறன் எண்ட மெசினைப் பற்றி விளக்கம் கேக்கிறதுதான் இது. 'ஈ' வந்து "தாங்கியைப் பெரிசாக்கித் தாறன்" எண்டால் அது விளக்கம் இல்லை, புதுக் கொட்டேசன், ஏற்கக்கூடாது, ஏற்றா 'ஆ'வும் அடுத்த நாள் பெரிய மொடலோட வந்து நிப்பார், அவருக்கு இல்லை எண்டு சொல்ல உங்களிட்ட நியாயம் இருக்காது.

பதில் வந்தாப்பிறகு மாத்தின எண் பத்திகளில அந்த மூண்டு கட்டத்தை மட்டும் நிரப்புங்கோ, பக்கத்தில கடிதத்தின்ர திகதியைப் போடுங்கோ. விலையை அதுக்குப் பிறகு எல்லா வரியிலயும் 'சரி' வந்த ஆக்களுக்கு மட்டும் ஒப்பிடுங்கோ. குறிச்ச திகதிக்குள்ள பதில் தராத ஆளுக்கு 'காட்டேல்ல' எண்டதை 'இல்லை' ஆக்கலாம், ஆனா அப்பிடி ஆக்குவம் எண்டு கடிதத்திலயே ஒரு வரி எழுதியிருக்கோணும்.